வீட்டில் செய்த கற்றாழை க்ரீம் பிரிந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

செம்பருத்தி
சித்தி தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, தோட்டத்துக் கற்றாழைச் சோறு மூன்றையும் அடித்து முகத்துக்கு ஒரு க்ரீம் செய்து தந்தார். முதலில் வெண்ணெய் மாதிரி இருந்தது. சில வாரத்தில் டப்பா அடியில் தண்ணீர் நின்றது, மேலே எண்ணெய் கட்டிவிட்டது. லேசாகச் சூடாக்கி மிக்சியில் அடித்தேன். சேர்ந்தது, ஆனால் மறுபடி பிரிந்துவிட்டது. இன்னொரு முறை அடிக்கலாமா, தூக்கிப்போட வேண்டுமா?

கரூர் பாலா
எனக்கும் இதே கதைதான். சாந்தன் கம் ஒரு சிட்டிகை போட்டேன், பிரியவே இல்லை. கெட்டியாக இருந்தால் எப்படிப் பிரியும்? அதையே செய்யுங்கள்.

வானதி
பனீர் பட்டர் மசாலாவில் பிரெஷ் க்ரீம் ஊற்றினால் எனக்கும் திரிதிரியாகிவிடுகிறது. இதற்கும் அந்த கம் போடலாமா?

புதுவை ரவி
வானதி, உங்களுடையது பால் திரிவது. தக்காளிப் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் ஊற்றிப் பாருங்கள்.

செம்பருத்திக்கு: லோஷன் தயாரிக்கும் இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிக்சி எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கும், அவ்வளவுதான். அந்தத் துளிகள் திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு துளியையும் சுற்றி எண்ணெயையும் நீரையும் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் உட்கார வேண்டும். அதுதான் எமல்சிஃபையர். தேன்மெழுகு தனியாக அந்த வேலையைச் செய்யாது, கெட்டிப்படுத்த மட்டும்தான் செய்யும். அந்தக் காலத்துக் கோல்டு க்ரீமில் தேன்மெழுகோடு வெண்காரம் சேர்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒருவித சோப்பு உண்டாகி, அதுதான் எண்ணெயையும் நீரையும் பிடித்து வைத்தது.

பாலா சொல்வதில் பாதி சரி. சாந்தன் கம் தண்ணீரைக் கெட்டியாக்கி, துளிகள் மேலே ஏறுவதைத் தாமதப்படுத்தும். துளியும் துளியும் சேர்வதை அது நிறுத்தாது. எமல்சிஃபையர் சரியாக இருக்கும் க்ரீமில் போட்டால் நல்ல துணை.

100 கிராமுக்கு என் கணக்கு: தண்ணீர் 70, எண்ணெய் 20, எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, கிளிசரின் 3, பிரிசர்வேட்டிவ் 1. பிரிசர்வேட்டிவ் அளவு மட்டும் அந்தப் பாட்டிலில் போட்டிருக்கிறபடிதான். எண்ணெயோடு வாக்ஸ் ஒரு பாத்திரத்தில், தண்ணீரோடு கிளிசரின் இன்னொன்றில். இரண்டும் 70 டிகிரி வந்த பிறகு சேர்த்து, ஆறும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் வாக்ஸ் நடுவிலேயே உறைந்து மணல் மணலாகிவிடும்.

ஆனால் உங்கள் டப்பாவை இனி அடிக்காதீர்கள், தூக்கிப்போடுங்கள். பிரிந்தது மட்டும் காரணமில்லை. பச்சைக் கற்றாழை, பிரிசர்வேட்டிவ் கிடையாது, விரல் விட்டு எடுக்கும் டப்பா. கிருமி வளர இதைவிட என்ன வேண்டும்? அடித்தால் பார்வைக்குச் சேரும், உள்ளே வளர்ந்தது போகாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

மதுரை முத்து
சன்ஸ்க்ரீன் ட்யூபை வண்டி டிக்கியில் வைத்திருந்தேன். சித்திரை வெயில். பிதுக்கினால் முதலில் தண்ணியாக எண்ணெய் வருகிறது, அப்புறம் கெட்டி. நன்றாகக் குலுக்கினால் சரியாகிவிடுகிறதே, நானூறு ரூபாய் சார்.

புதுவை ரவி
வேண்டாம் முத்து. வெயிலைத் தடுக்கும் பொருள் க்ரீம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால்தான் லேபிளில் போட்ட எஸ்பிஎஃப் கிடைக்கும். ஓர் இடத்தில் நிறைய, ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் பூசினால் அந்த இடம் கருகும், அதுவும் சாயங்காலம்தான் தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த க்ரீம் பிரிந்தாலும் இதே காரணத்துக்காகத்தான் விடச் சொல்வேன், மருந்து சமமாக இருக்காது. காலமைன் லோஷன் வேறு. அது அடியில் தங்கத்தான் செய்யும், பாட்டிலிலேயே குலுக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள்.

கரூர் பாலா
என் க்ரீம் பிரியவில்லை ரவி சார். ஆனால் இப்போது முன்னைவிடத் தண்ணியாக இருக்கிறது. வாசனை அப்படியேதான் இருக்கிறது.

புதுவை ரவி
பிரிசர்வேட்டிவ் போட்டீர்களா? சில கிருமிகள் கம்மையே தின்னும். அப்படித் தின்றால் கெட்டித்தன்மை முதலில் போகும், வாசனை அப்புறம்தான் மாறும். வெயிலில் எண்ணெய் இளகியும் தண்ணியாகலாம். குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், பழையபடி கெட்டியாகாவிட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

கரூர் பாலா
வைட்டமின் ஈ மாத்திரை உடைத்து ஊற்றினேன்.

புதுவை ரவி
அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். கிருமியை ஒன்றும் செய்யாது. கொட்டிவிடுங்கள்.

செம்பருத்தி
என் டப்பாவைக் கொட்டிவிட்டேன். சித்தி குளிர்காலத்தில் உதட்டுக்குத் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் உருக்கி ஒரு களிம்பு செய்வார். அதிலும் இப்போது மணல் மாதிரி நெறுநெறுக்கிறது. அதையும் கொட்டவா?

புதுவை ரவி
அதில் தண்ணீரே இல்லை, பிரியவும் ஒன்றுமில்லை. மெதுவாக ஆறினால் மெழுகு அப்படிக் குருணை கட்டும். முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை இல்லையென்றால் மறுபடி உருக்கிச் சீக்கிரம் குளிரவைத்துப் பயன்படுத்தலாம்.

செம்பருத்தி
வாடை லேசாக வருகிறது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. சித்தி இல்லவே இல்லை என்கிறார்.