பிரீஃபில் இருக்கும் தகவலே தவறு என்றால் எடிட்டரிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம். ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் விற்கும் கம்பெனி ஒன்றின் வெப்சைட்டுக்கு 900 சொல் கட்டுரை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவான டிடிஎஸ் பற்றி பிரீஃபில் ஒரு துணைத்தலைப்பை அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்: "டிடிஎஸ் 500-ஐத் தாண்டினால் குடிக்கவே கூடாது". கூகுளில் முதலில் வரும் பக்கங்களும் இதையேதான் சொல்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, மூலம் எதிலும் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் IS 10500:2012 வேறு மாதிரி சொல்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆக, 500 என்பது ஆபத்துக் கோடு அல்ல.

சத்தமில்லாமல் மாற்றினால் "பிரீஃபை மீறிவிட்டீர்கள்" என்று டிராஃப்ட் திரும்பி வரும். அதனால் தலைப்பை "டிடிஎஸ் 500-ஐத் தாண்டினால் என்ன செய்வது?" என்று மாற்றி (கீவேர்ட் அப்படியே இருக்கும்), தரநிலையின் அட்டவணையைக் கமெண்டில் காட்டலாம் என்றிருக்கிறேன்.

எடிட்டிங் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: டிராஃப்ட்டோடு கமெண்ட் போதுமா, இல்லை எழுதும் முன்பே மெயிலில் கேட்டுவிட வேண்டுமா? கிளையண்ட் ஒப்புதல் கொடுத்த தலைப்பு என்பதுதான் இடிக்கிறது.