ஐந்து நிமிட டெமோவில் உங்களுக்கு என்ன நடந்தது?

ராயபுரம் மாணவி

இரண்டாவது ரிவ்யூ முடிந்துவிட்டது, மனம் இன்னும் ஆறவில்லை. எங்கள் ஆப் காசிமேடு ஏல விலையைச் சொல்வது. துறைமுகத்தில் இருப்பவர் விலையைப் பதிந்தால், தண்டையார்பேட்டையில் கூடை வைத்து விற்பவரின் போனில் அது உடனே தெரியும். கைடு சொன்ன வரிசைப்படி தலைப்பு, நோக்கம், முந்தைய ஆய்வுகள், கட்டமைப்புப் படம் என்று போய், ஆப்பைத் திறக்கும்போது மூன்று நிமிடம் கடந்திருந்தது. வேறு துறையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஸ்லைடுகளைப் பார்க்கவே இல்லை. "வஞ்சிரம் விலையை இப்போது மாற்றம்மா, அந்தப் போனில் வருகிறதா பார்க்கிறேன்" என்றார். மாற்றினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அடுத்த அணியின் கோப்பைக் கையில் எடுத்த பிறகுதான் விலை வந்து சேர்ந்தது. போனைத் தூக்கிக் காட்டினேன், யாரும் நிமிரவில்லை.

வைவாவுக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நிமிடங்களை எப்படிப் பிரித்தீர்கள்?

வியாசர்பாடி

வீடியோ எடுத்து ஓட்டிவிடுங்கள். எங்கள் அணி அதைத்தான் செய்தது. நெட், சர்வர், ப்ரொஜெக்டர் எதற்கும் பயப்பட வேண்டாம். தேர்வாளர்கள் பேசாமல் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டார்கள்.

பெரம்பூர், மென்பொருள் வேலை

வியாசர்பாடித் தம்பி சொல்வது பாதி சரி. வீடியோ கையில் இருக்கட்டும், ஆனால் அது இரண்டாவது ஆயுதம். ராயபுரத்துத் தங்கையிடம் கேட்டது "விலையை மாற்று" என்று. வீடியோவில் எந்த விலையை மாற்றுவது?

அந்த வட்டம் ஏன் சுற்றியது என்று முதலில் பார்ப்போம். இலவச சர்வர்கள் பலவும் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் உறங்கிவிடும். பதினைந்து நிமிடம் சும்மா இருந்தாலே நின்றுவிடுபவை உண்டு. அதன்பின் போகும் முதல் கோரிக்கைதான் அதை எழுப்ப வேண்டும், அதற்கு ஒரு நிமிடம்வரைகூட ஆகலாம். முதல் பதிவு தாமதமாகி அடுத்தடுத்த பதிவுகள் சட்டென்று போனால், காரணம் இதுதான். எல்லாமே தாமதமானால் நெட்டைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருக்கும் அணி உள்ளே போகும்போதே, வெளியில் நின்று ஒரு விலையைப் பதிந்து எழுப்பிவிடுங்கள். உள்ளே போகும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டே இருங்கள்.

அடுத்து ஸ்கிரிப்ட். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் கை செய்வதையும் வலப்பக்கம் வாய் சொல்வதையும் எழுதுங்கள். கை காத்திருக்கும் இடத்தில் வாய்க்கு வேலை இருக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்.

முதல் இருபது நொடி ஒரே வாக்கியம்: "விடியற்காலை ஏலத்தில் என்ன விலை போனது என்பது, துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்வரை தெருவில் விற்பவருக்குத் தெரிவதில்லை." உடனே இரண்டு போன்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் முன்பே உள்நுழைந்திருக்க வேண்டும். ஓடிபி வருமா என்று காத்திருக்கும் காட்சியை யாரும் பார்க்க வேண்டாம். உள்நுழைவதையே காட்டச் சொன்னால், ஃபயர்பேஸ் வைத்திருப்பவர்கள் சோதனை எண் ஒன்றைப் பதிந்து அதற்கு நிலையான ஓடிபி கொடுத்துவிடலாம். எஸ்எம்எஸ் போகவே போகாது, திரை மட்டும் நகரும்.

இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் வஞ்சிரம் விலை இடது போனிலிருந்து வலது போனுக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் மடிக்கணினியில் தரவுத்தளத்தைத் திறந்து அதே வரியைக் காட்டுங்கள்: அதே விலை, அதே நேரம். எழுதி வைத்த எண்ணைத் திரையில் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும். நான்காவதில் நெட்டை அணைத்து ஒரு விலையைப் பதிந்து, மறுபடி போட்டதும் அது தானாகப் போவதைக் காட்டுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். கடைசி நிமிடம் அவர்கள் கேட்பதற்கு. கட்டமைப்புப் படத்தைக் கேட்டால் மட்டும் திறக்கலாம்.

காசிமேடு

என் அப்பா ஏலக்கூடத்தில்தான் இருக்கிறார். நிமிடக் கணக்கெல்லாம் இருக்கட்டும், உங்கள் ஆப்பில் கிலோ விலை போடுகிறீர்களா? ஏலம் கூடைக்கோ குவியலுக்கோதான் கேட்பார்கள். என் தம்பியின் அணியும் இதே மாதிரி ஒன்று செய்தது. தேர்வாளர் எங்கள் பக்கத்துக்காரர். "ஒரு கூடையில் எத்தனை கிலோ என்று யார் நிறுத்துச் சொன்னது?" என்றார். அதோடு அவன் பேச்சு நின்றுவிட்டது.

இன்னொன்று. உங்கள் வைவா எந்த மாதம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீன் மட்டும்தான் வரும். அந்த நாளில் "இன்றைய விலை" என்று பத்து வகை மீனைக் காட்டினால், தெரிந்தவர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். பழைய விலை என்றால் அதன் தேதியைத் திரையிலேயே காட்டுங்கள்.

ராயபுரம் மாணவி

மே மாதம்தான் அண்ணா. மார்ச்சில் சேர்த்த விலைகளைத் தேதியோடு காட்டுகிறோம். கூடைக் கணக்குக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

திருவொற்றியூர்

எங்கள் ரிவ்யூ கூடத்தில் கல்லூரி வைஃபை, உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டவே விடவில்லை. சொல்ல அவ்வளவுதான். ஆனால் பெரம்பூர் அக்கா சொல்வதுபோல இணையச் சர்வரை எழுப்பிக்கொண்டிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சர்வரை மடிக்கணினியிலேயே ஓட்டுங்கள். போனை கேபிளில் இணைத்து,

```
adb reverse tcp:5000 tcp:5000
```

என்று கொடுத்தால், போனில் `localhost:5000` என்று கேட்பது நேராக மடிக்கணினிக்கு வந்துவிடும். வைஃபையே தேவையில்லை. இரண்டு போன் இணைத்திருந்தால் இந்தக் கட்டளை எந்தப் போனுக்கு என்று புரியாமல் மறுத்துவிடும். `adb devices` காட்டும் எண்ணை எடுத்து `-s` உடன் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல், சாதாரண http முகவரியை ஆப் இயல்பாகத் திறக்காது. `usesCleartextTraffic` அனுமதி இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், திரை அணையும் நேரத்தைக் கூட்டிவிடுங்கள். ப்ரொஜெக்டருக்கு எந்தக் கேபிள் என்று கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பழைய கூடங்களில் விஜிஏ மட்டும்தான் இருக்கும். பேசுபவர் ஒருவர், போனைத் தொடுபவர் வேறொருவர்.

பெரம்பூர், மென்பொருள் வேலை

கேபிள் வழி நல்ல வழிதான், ஆனால் நான்காவது நிமிடம் கெட்டுவிடும். ஃப்ளைட் மோட் போட்டாலும் கேபிள் வழி இணைப்பு அறாது. பதிந்த விலை உடனே போய்ச் சேரும், நெட் இல்லாமல் காத்திருப்பதைக் காட்ட முடியாது. அதைக் காட்டக் கேபிளையே பிடுங்க வேண்டும், பிடுங்கினால் தம்பி சொன்னபடி கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும். அதையும் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை

ஒருவர் மட்டும் பேசுவதா? எங்கள் துறையில் மதிப்பெண் ஆளுக்கு ஆள் தனி. பேசாதவளுக்கு என்ன போடுவார்கள்? எங்கள் அணியில் போனைப் பிடித்தவள் நான். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, குறைந்த மதிப்பெண்ணும் எனக்குத்தான்.

திருவொற்றியூர்

ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் பேசினால், மாறி நிற்பதிலேயே நேரம் போய்விடும். கேள்வி நேரத்தில் மற்றவர்கள் பதில் சொல்லட்டும்.

கொருக்குப்பேட்டை

கேள்வியே வராவிட்டால்?

ராயபுரம் மாணவி

நேற்று கேபிளைப் பிடுங்கி ஒத்திகை பார்த்தோம். மறுபடி இணைத்ததும் அதே வஞ்சிரம் விலை வலது போனில் இரண்டு வரியாக வருகிறது. எப்போதும் இல்லை, பதிந்துகொண்டிருக்கும்போதே பிடுங்கினால் மட்டும். ஸ்கிரிப்டிலிருந்து அந்த நிமிடத்தை எடுத்துவிடலாம் என்கிறாள் தோழி.

பெரம்பூர், மென்பொருள் வேலை

எடுக்காதீர்கள். சர்வருக்கு முதல் முறையே விலை வந்துவிட்டது, "வந்தது" என்ற பதில்தான் போனுக்குத் திரும்பவில்லை. அதனால் போன் மறுபடி அனுப்புகிறது. பதியும்போதே போனில் ஒரு அடையாள எண்ணை உருவாக்கி விலையோடு அனுப்புங்கள். அதே எண் இரண்டாவது முறை வந்தால் சர்வர் புதிய வரி சேர்க்காமல் "வந்தது" என்று மட்டும் பதில் சொல்லட்டும். இன்றிரவே முடிக்கக்கூடிய வேலை. முடித்துவிட்டு, அனுப்பும் கணத்திலேயே நாலைந்து முறை பிடுங்கிப் பாருங்கள்.