[கலைச்சொல்] லிக்விடேஷன்: கலைப்பா, முறிப்பா, மூழ்கலா?

மீனாட்சி, திருவல்லிக்கேணி

அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். கிரிப்டோ பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ் பற்றிய பக்கத்தில் மூன்று சொற்கள் உட்கார மாட்டேன் என்கின்றன. என் வரைவில் பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸுக்கு "நிரந்தர எதிர்காலங்கள்", ஃபண்டிங் ரேட்டுக்கு "நிதியளிப்பு விகிதம்", நஷ்டம் மிஞ்சும்போது தளமே ஒப்பந்தத்தை மூடிவிடும் லிக்விடேஷனுக்கு "கட்டாயக் கலைப்பு" என்று இருக்கிறது. முதல் சொல்லைப் படித்த மாணவர், இது ஓய்வூதியத் திட்டமா என்று கேட்டார். மாற்றியே ஆக வேண்டும். உதவுங்கள்.

இராமலிங்கம், மேற்கு மாம்பலம்

அம்மா, ஃபியூச்சர்ஸுக்கு நாளிதழ்கள் நெடுங்காலமாக "முன்பேரம்" என்றே எழுதுகின்றன. அதை விட்டுவிட்டு "எதிர்காலங்கள்" எதற்கு? பேரத்தை முன்கூட்டியே முடிக்கிறோம், அவ்வளவுதான். நிரந்தரம் வடசொல், பொருளும் பொருந்தவில்லை. "முடிவிலா முன்பேரம்" என்று வையுங்கள். மோனையும் அமைகிறது.

கார்த்திக், பெருங்குடி

முன்பேரம் சரி. "முடிவிலா" என்பதில் எனக்கு ஒரு தயக்கம். ஒப்பந்தத்தை நாம் எந்த நேரமும் முடித்துக்கொள்ளலாம். முடியும் தேதி என்று ஒன்று இல்லை, அதுதான் வேறுபாடு. அதனால் "தவணையில்லா முன்பேரம்" என்பேன்.

அந்தத் தேதி இல்லாததில்தான் மற்ற இரண்டு சொற்களும் பிறக்கின்றன. வழக்கமான முன்பேரத்தில் கடைசி நாளன்று கணக்கு சந்தை விலையில் தீர்க்கப்படும். அந்த நாள் நெருங்க நெருங்க முன்பேர விலையும் நேரடி விலையும் ஒன்றை ஒன்று நெருங்கும். கடைசி நாளே இல்லையென்றால் எது நெருக்கும்? அந்த வேலையைத்தான் ஃபண்டிங் செய்கிறது. இறுதி நாள் இல்லாத முன்பேரம் என்ற யோசனையை 1990களின் தொடக்கத்தில் பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் முன்வைத்தார், வீடு போல எளிதில் கைமாறாத சொத்துகளை மனத்தில் வைத்து. கிரிப்டோவில் அதைப் பரவலாக்கியது 2016இல் பிட்மெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கொண்டுவந்த ஒப்பந்தம்.

சுந்தரம், அடையாறு

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? கைப்பணத்தைப்போல் பத்து மடங்கு வாங்க எக்ஸ்சேஞ்ச் கடன் கொடுக்கிறது, அதற்கு எட்டு மணிக்கொரு முறை வட்டி எடுக்கிறது. "வட்டி வீதம்" என்றே போடலாம். வங்கியில் முப்பது வருடம் எழுதிய சொல்.

கார்த்திக்

ஐயா, எட்டு மணிக்கொரு முறை என்பது பெரும்பாலான இடங்களில் சரி. பல தளங்களில் நம் நேரப்படி அதிகாலை 5.30, பிற்பகல் 1.30, இரவு 9.30. ஆனால் அந்தப் பணம் எக்ஸ்சேஞ்சுக்குப் போவதில்லை. முன்பேர விலை நேரடி விலைக்கு மேலே நின்றால் லாங் வைத்திருப்பவர், அதாவது விலை ஏறும் என்று வாங்கியவர், இறங்கும் என்று விற்று ஷார்ட் வைத்திருப்பவருக்குக் கொடுக்கிறார். கீழே நின்றால் ஷார்ட் லாங்குக்குக் கொடுக்கிறார். திசை மாறும் வட்டியை எந்த வங்கியில் பார்க்க முடியும்?

அளவையும் கையேட்டில் சொல்லுங்கள். சந்தை அமைதியாக இருக்கும்போது பல தளங்களில் 0.01% என்று நிற்கும். ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள லாங்குக்கு ஒரு தவணைக்குப் பத்து டாலர், ஒரு நாளைக்கு முப்பது. எல்லோரும் லாங் பக்கம் குவிந்து வீதம் 0.1% ஆனால் நாளைக்கு முந்நூறு. பத்து மடங்கில் வாங்கியவர் பிணையாகப் போட்ட மார்ஜின் பத்தாயிரம்தான். வீதம் முழு மதிப்பின் மேல் கணக்கிடப்படுவதால், அவர் கைப்பணத்தில் நாளுக்கு 3% கரைகிறது. திரையில் தெரியும் சிறிய எண்ணைப் பார்த்து மாணவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

இராமலிங்கம்

சுந்தரம் ஐயா "வட்டி" என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்கப் பாடல்களில் வட்டி என்றால் ஓலைப்பெட்டி. வட்டியில் மீன் கொண்டுபோய் நெல்லோடு திரும்பினார்கள். கடன் வட்டியை வடமொழி விருத்தியின் பிராகிருத வடிவம் என்பார்கள் பலர். வட்டம், வட்டு, வட்டி எல்லாம் ஒரே வேர், திரும்பி வருவது என்பதே அடிப்படைப் பொருள் என்பது என் கருத்து. கார்த்திக் சொல்வதும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போகும் பணம்தானே? பழைய நாணய மாற்றில் கூடுதலாகவோ குறைவாகவோ தரும் தொகைக்கே "வட்டம்" என்று பெயர் இருந்தது. ஆக, ஃபண்டிங் ரேட் என்பது "வட்டம்". ஒரே சொல், நான்கே எழுத்தில் முடிகிறது.

மீனாட்சி

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் "இன்றைய வட்டம் 0.01%" என்று பலகையில் எழுதினால் மாணவர் காம்பஸ் எடுப்பார். "சமன்வீதம்" எப்படி? இரண்டு விலையையும் சமன் செய்யத் தரும் தொகை, அதன் வீதம்.

இராமலிங்கம்

புரியாது என்ற அச்சத்திலேயே நல்ல சொற்களை இழந்துகொண்டிருக்கிறோம். சொல் புழங்கினால் புரியும். சமன்வீதத்தை எதிர்க்கவில்லை; வட்டத்தைக் கைவிடவும் இல்லை.

நசீமா, இராயப்பேட்டை

வணக்கம். சொல் பற்றியது அல்ல, மன்னிக்கவும். என் அக்கா மகன் பத்து மடங்கில் பிட்காயின் லாங் வாங்கினான். 1,00,000 டாலரில் வாங்கியபோது லிக்விடேஷன் விலை 90,452 என்று திரை காட்டியதை எழுதி வைத்திருந்தான். இரண்டு நாளில் விலை 90,900 வரைதான் இறங்கியது, பிறகு ஏறிவிட்டது. ஆனாலும் அவன் கணக்கை மூடிவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?

கார்த்திக்

அக்கா, முறையிடும் முன் ஃபண்டிங் கழிவைப் பாருங்கள். ஒரு காயினுக்குக் கணக்குப் போடுகிறேன். கட்டாயம் இருக்க வேண்டிய மார்ஜின் 0.5% என்றால்:

```
முதல் நாள்:        (100000 - 10000) / 0.995 = 90452
600 கழிந்த பின்:   (100000 -  9400) / 0.995 = 91055
```

அந்த இரண்டு நாளும் வீதம் 0.1% அளவில் இருந்திருந்தால் ஆறு தவணையில் ஏறத்தாழ அறுநூறு டாலர் மார்ஜினிலிருந்து போயிருக்கும். வரம்பு 91,055க்கு ஏறிவிட்டது. விலை 90,900 தொட்டபோது அவர் ஏற்கெனவே வெளியே. அந்த விலை முதல் நாள் எழுதி வைத்துக்கொள்ளும் எண் இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: வரைபடத்தில் அவர் பார்த்தது `Last Price`ஆ `Mark Price`ஆ? பெரும்பாலான தளங்கள் மூடுவதற்கு எடுப்பது இரண்டாவதை. அது பல சந்தைகளின் நேரடி விலையை ஒட்டிக் கணக்கிடப்படுவது. ஒரே சந்தையில் ஒரு கணம் விழும் விலையால் யாரும் மூடப்படக் கூடாது என்பதற்காக.

சுந்தரம்

நசீமா அம்மா சொன்னதைப் படித்ததும் சொல் கிடைத்துவிட்டது. அடகு வைத்த நகை கைவிட்டுப் போனால் என்ன சொல்வோம்? "நகை மூழ்கிப்போச்சு." சவுகார்பேட்டையிலும் அதுதான், கிராமத்திலும் அதுதான். லிக்விடேஷன் என்பது "மூழ்கல்". லிக்விடேஷன் விலை "மூழ்கு விலை". கலைப்பு என்றால் கம்பெனியைக் கலைப்பது.

இராமலிங்கம்

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு குறை. ஷார்ட் வைத்தவர் விலை ஏறும்போது அல்லவா அழிகிறார்? ஏறும்போது மூழ்குவது எப்படி? நான் "முறிப்பு" என்பேன். ஒப்பந்தம் முறிகிறது. இலங்கையில் "பிணைமுறி" என்று கடன் பத்திரத்துக்கே வழங்குகிறார்கள், முறி என்ற சொல் பண உலகில் புதிதல்ல. மேலும், ஒருவரின் வீழ்ச்சி அடுத்தவரை வீழ்த்தும் கேஸ்கேடுக்கும் "தொடர் முறிவு" என்று சொல் கிடைக்கும்.

சுந்தரம்

வெள்ளம் ஏறினால்தானே வீடு மூழ்கும்? விலை ஏறி ஷார்ட்டின் மார்ஜின் மூழ்குகிறது. விலை மூழ்குவதாக நான் சொல்லவில்லை.

கார்த்திக்

அந்த விளக்கம் எனக்குப் போதும். ஆனால் அடகு உவமை ஓர் இடத்தில் உடைகிறது, அதைக் கையேட்டில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நகை ஏலம் போனால் தங்கத்தின் விலை அசையாது. இங்கே மூழ்கிய லாங் அந்தக் கணமே சந்தையில் விற்கப்படுகிறது. விற்பவருக்கு விலை பேசும் உரிமை இல்லை. இயந்திரம் கிடைக்கும் விலைக்குத் தள்ளுகிறது. அந்த விற்பனையே அடுத்தவரை மூழ்கடிக்கிறது.

கற்பனைக் கணக்கு ஒன்று. எல்லோரும் 1,00,000இல் லாங் வாங்கியிருக்கிறார்கள். ஐம்பது மடங்குக்காரரின் மூழ்கு விலை 98,492, இருபது மடங்குக்கு 95,477, பத்து மடங்குக்கு 90,452. ஒரு செய்தி வந்து விலை 98,400. அதாவது செய்தியின் பங்கு 1.6% மட்டும். ஐம்பது மடங்குக்காரர்கள் சேர்த்து வைத்திருந்தது 250 பிட்காயின். அங்கிருந்து 95,400 வரை வாங்கக் காத்திருக்கும் ஆர்டர்கள் 200தான். இருநூறும் தின்னப்பட்டு, இருபது மடங்குக்காரரின் கோடு தாண்டப்படுகிறது. இந்த நேரத்தில் இரு பக்கமும் விலை கொடுத்து நிற்கும் வணிகர்கள் ஆர்டரை விலக்கிக்கொள்வார்கள், நஷ்டத்துக்கு வாங்க அவர்களுக்கு என்ன அவசியம்? கீழே முந்நூறு இருந்த இடத்தில் நூறு இருக்கும். அதனால் இரண்டாவது படி முதல் படியைவிடச் செங்குத்து. 90,452உம் போகிறது. 1.6% செய்தி பத்து சதவீத வீழ்ச்சியாக முடிகிறது.

கட்டாய விற்பனை தீர்ந்ததும் விலை ஓரளவு திரும்பி ஏறுவது இதனால்தான். அந்த விலைக்கு யாரும் விரும்பி விற்கவில்லை. அடையாளம் கண்டுபிடிக்க, மூடப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் மொத்தமான ஓப்பன் இன்டரஸ்டைப் பாருங்கள். விலையோடு அதுவும் ஒரேயடியாகச் சரிந்தால் பழைய ஒப்பந்தங்கள் மூடப்படுகின்றன. விலை மட்டும் இறங்கி அது ஏறினால் புதிதாக ஷார்ட் போடுகிறார்கள், கதை வேறு.

2025 அக்டோபர் 10 நடந்ததும் இந்த வகைதான். நமக்கு 11ஆம் தேதி அதிகாலை. சீனப் பொருள்களுக்குக் கூடுதலாக 100% வரி என்று டிரம்ப் அறிவித்த பிறகு, ஒரு நாளுக்குள் மூடப்பட்டவை 1,900 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குத் தளங்கள் காட்டின. பெரும்பகுதி லாங்.

மீனாட்சி

அப்படியானால் கேஸ்கேடுக்கு "தொடர்" மட்டும் போதாது போலிருக்கிறதே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது வர வேண்டும். "மூழ்கல் அடுக்கு"? "ஒன்றையொன்று மூழ்கடித்தல்"?

நசீமா

கழிவுப் பட்டியல் பார்த்தோம். கார்த்திக் தம்பி சொன்னது போலவே ஆறு கழிவு, 590 சொச்சம். நன்றி. என் வாக்கு "மூழ்கு விலை"க்கு. வீட்டில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லாமலே புரிந்தது.

இராமலிங்கம்

அடகுக் கடை வழக்கு ஒரு தலைமுறைக்குப் பின் மறையும். அப்போது மூழ்கல் வெறும் நீர்ச்சொல்லாகிவிடும். முறிப்பு நிலைக்கும். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

மீனாட்சி

வியாழன் இரவு 11 மணி. கையேட்டில் போவது: தவணையில்லா முன்பேரம், சமன்வீதம், மூழ்கல், மூழ்கு விலை, தொடர் மூழ்கல். சொல்லடைவில் "முறிப்பு என்றும் வழங்கலாம்" என்று சேர்த்திருக்கிறேன், இராமலிங்கம் ஐயா. வட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

கார்த்திக்

அம்மா, ஒன்று விட்டுப்போனது. மூழ்கிய கணக்கை மார்ஜினைத் தாண்டிய நஷ்டமில்லாமல் விற்க முடியாமல், எக்ஸ்சேஞ்சின் காப்பு நிதியும் போதாவிட்டால், லாபத்தில் இருப்பவரின் ஒப்பந்தத்தையும் தளமே மூடிவிடும். திரையில் `ADL` என்று வரும். அக்டோபரில் பலருக்கு அது வந்தது. லாங்கில் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஷார்ட்டும் வைத்திருந்தவர், அந்த ஷார்ட் போய், லாங்கோடு மட்டும் நின்றார். அவர் மூழ்கவில்லை, முறிந்தது அவருடைய ஒப்பந்தம்.

இராமலிங்கம்

பார்த்தீர்களா, "முறிப்பு" தானாகவே வந்துவிட்டது. ADLக்கு அதையே வையுங்கள்: "ஈட்டு முறிப்பு".

சுந்தரம்

ஈடு யார் யாருக்குக் கட்டுவது? லாபக்காரன் நஷ்டக்காரனுக்கா? நாளைக்குப் பேசுவோம் ஐயா, அச்சகம் எட்டு மணிக்குத் திறந்துவிடும்.