பணி நிறைவு விழா அன்று நீங்கள் என்ன உடுத்தினீர்கள்?

கேட்டவர்:
அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அலுவலகத்தில் பாராட்டு விழா வைக்கிறார்கள். மேடையில் இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்பு கோட் ஒன்று இருக்கிறது. தோள் சரியாக இருக்கிறது, வயிற்றுப் பட்டன் மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. 34 வருடமும் சாதாரண சட்டை, பேன்ட்டில்தான் வேலைக்குப் போனேன். கடைசி நாள் மட்டும் கோட் போட்டால் அது நான்தானா என்று இருக்கிறது. ஆனால் அன்று எடுக்கிற படம்தான் காலத்துக்கும் வீட்டில் மாட்டியிருக்கும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்று 3 வருடம் ஆனவர்:
யோசிக்கவே வேண்டாம் சார், வெள்ளைச் சட்டை. நான் அதைத்தான் போட்டேன். வியர்த்தாலும் தெரியாது, எந்தப் படத்திலும் பளிச்சென்று வரும்.

விழாப் படம் எடுப்பவர்:
வியர்வை விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. வெளிர் நீலமும் சாம்பலும்தான் நனைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் பின்னால் வெள்ளை பேனர் இருந்து, ஃபிளாஷும் அடித்தால் வெள்ளைச் சட்டை பேனரோடு கலந்துவிடும். முகம் மட்டும் தனியாக மிதக்கும். உள்ளே போட்ட வெள்ளை பனியனின் கோடும் துல்லியமாகத் தெரியும். அதனால் சந்தன நிறம் போல ஒரு படி மங்கிய நிறம் எடுங்கள். பனியன் உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மெல்லிய கோடும் பொடிக்கட்டமும் வேண்டாம், படத்தில் அலை அலையாக நெளியும்.

எல்லாரும் கண்ணாடி முன் நின்று பார்த்துத்தான் துணி எடுக்கிறார்கள். விழா நாயகர் நிற்பது கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பார். நாங்களோ மேடைக்குக் கீழே நின்று எடுக்கிறோம். கேமராவுக்கு முதலில் தெரிவது உங்கள் முழங்காலும் கணுக்காலும்தான். உட்கார்ந்ததும் பேன்ட் மேலே ஏறும், குட்டை சாக்ஸ் என்றால் நடுவில் வெறுங்கால் தெரியும். முழங்கால் வரை வருகிற சாக்ஸ் போடுங்கள். கோட் போட்டால் உட்காரும்போது பட்டனைக் கழற்றுங்கள், எழும்போது மாட்டுங்கள். மாட்டியபடி உட்கார்ந்தால் கோட் கழுத்துப் பக்கம் தூக்கிக்கொள்ளும், தோள் கூனியது போல வரும்.

ஒரு சகோதரி:
எங்களுக்கும் இதே குழப்பம்தான். என் கணவர் விழாவுக்கு நான் பச்சைப் பட்டுப் புடவை கட்டினேன், அவருக்கும் அதே பச்சையில் பட்டுச் சட்டை. புடவைக்கு எந்த நிறம் எடுத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்:
கேட்டது எனக்கான உடைக்குத்தான் அம்மா. பட்டுச் சட்டை அவருக்கு எப்படி இருந்தது?

அதே சகோதரி:
மன்னிக்கவும், சரியாகப் படிக்கவில்லை. சட்டை அழகாகத்தான் இருந்தது, மாலை போடும் வரை. தண்ணீர் தெளித்து வைத்திருந்த மாலை. நெஞ்சில் ஈரம் பட்டுப் பட்டு திட்டுத் திட்டாகிவிட்டது, அதன் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அந்தக் கறை இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாலும் மனசு கஷ்டப்படும். மாலையை ஒரு தடவை நன்றாக உதறிவிட்டுப் போடச் சொல்லி முன்பே யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

கேட்டவர்:
நேற்று மாலை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். நாற்காலியைத் திண்ணையில் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மகன் கீழே முற்றத்தில் நின்று போனில் படம் எடுத்தான். நிற்கும்போது கச்சிதமாக இருந்த பேன்ட், பத்து நிமிடத்தில் இடுப்பை அறுத்தது. தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன், உள்தையலில் ஒன்றரை அங்குலம் துணி இருக்கிறதாம், பிரித்துவிடலாம் என்றார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, பேனா, பேச வேண்டிய காகிதம் எல்லாம் வைத்திருந்தேன். படத்தில் நெஞ்சு ஒரு பக்கம் புடைத்திருந்தது. பேனா மட்டும் இருக்கட்டும், மற்றதை மகன் வைத்துக்கொள்வான். சந்தன நிறத்தில் பருத்திச் சட்டை, கருநீல பேன்ட், நான் தினமும் போடும் பழைய ஷூவுக்குப் பாலிஷ். இது முடிவாகிவிட்டது.

விழாப் படம் எடுப்பவர்:
நல்ல முடிவு. மூக்குக் கண்ணாடியில் விளக்கு மின்னினால் தலையைச் சாய்க்காதீர்கள். கண்ணாடிக் காம்பைக் காதுப் பக்கம் துளி உயர்த்தினால் போதும். கோட்?

கேட்டவர்:
அதுதான் இன்னும் நிற்கிறது. பட்டன் போடாமல் மாட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே சால்வை போர்த்தியதும் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. மனைவி கோட் வேண்டும் என்கிறாள், மகன் வேண்டாம் என்கிறான். கோட்டின் மேல் சால்வை வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அது எப்படி நின்றது?