வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் ஏறிய கதைகள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அஸ்தம்பட்டி அக்கா

ஆடிப் பண்டிகைக்கு எடுத்த சிவப்புக் கைத்தறிச் சேலை, பையனின் பள்ளிச் சட்டைகள், வீட்டுக்காரரின் பனியன்கள் எல்லாவற்றையும் வேலைக்கு வரும் பெண் ஒரே சுற்றில் மெஷினில் போட்டுவிட்டாள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே எல்லோருக்கும் தெரியும்.

என்னை உறுத்துவது மெஷினில் நடந்தது அல்ல, அதன் பிறகு நடந்ததுதான். வெளியே எடுத்தபோது ரோஸ் நிறம் லேசாக, திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. மாமியார் சேலையையும் சட்டைகளையும் சேர்த்தே ஒரு வாளியில் அமுக்கி, சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு கை கல் உப்பை அள்ளிப் போட்டார். "காலையில் பார், சாயம் கட்டிப் போயிருக்கும்" என்றார். காலையில் பனியனைத் தூக்கினேன். கோயில் வாசல் பஞ்சுமிட்டாய் நிறம். ஒரு திட்டுக்கூட இல்லை, அவ்வளவு சீராக ஏறியிருந்தது. அப்போதும் அவர் சொன்னது, "உப்பு போதவில்லை."

பிறகு கறை நீக்கும் ஆக்சிஜன் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தேன். மறுநாளும் புதுத் தண்ணீரில் அதையே செய்தேன். சட்டைகள் வெளுத்துவிட்டன. ஆனால் காலர் தையலும் பித்தான் தைத்த நூலும் மட்டும் இன்னும் ரோஸாகவே இருக்கின்றன. உப்பு நல்லது செய்ததா, கெடுத்ததா? யாராவது சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார், அழகாபுரம்

உங்கள் மாமியார் சொன்னது சரி. உப்புதான் சாயத்தை நிறுத்தும். என் அம்மா புதுச் சுங்குடிச் சேலை வாங்கினால் முதலில் உப்புத் தண்ணீரில்தான் போடுவார். ஒரு சேலைகூடச் சாயம் போனதாக எனக்கு நினைவில்லை. நீங்கள் போட்டது ஒரு கை. இரண்டு கை போட்டு, கொஞ்சம் வினிகரும் ஊற்றியிருந்தால் சாயம் சேலையிலேயே நின்றிருக்கும்.

கொண்டலாம்பட்டிக்காரன்

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்தானது.

பாதி ஆயுளை நூல் சாயப்பட்டறையில் கழித்தவன் நான். அங்கே உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எதற்கு? தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைப் பருத்தி நூலின் மேல் ஏற்றுவதற்கு. உப்பு இல்லாவிட்டால் பாதிச் சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடும். நூலில் ஏறிய சாயத்தை நிரந்தரமாகப் பிடிக்க வைப்பது உப்பு அல்ல, அதன் பிறகு போடும் சலவைச் சோடா. ஆக, சிவப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி கிடக்கும்போது உப்பைப் போட்டால், நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை நீங்கள் வாளியில் இலவசமாகச் செய்கிறீர்கள்.

அக்காவின் மாமியார் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். பட்டறையில் லிட்டருக்கு 30 கிராமுக்குக் குறையாமல் உப்பு போடுவோம், அடர்ந்த நிறமென்றால் இன்னும் அதிகம். ஒரு வாளிக்கு ஒரு கை உப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் பனியனைக் கெடுத்தது முக்கியமாக மற்ற இரண்டும்தான்: சேலையை வெளியே எடுக்காதது, சுடுதண்ணீரில் இரவு முழுவதும் விட்டது. சேலையிலிருந்து சாயம் இறங்கிக்கொண்டே இருக்க, பனியன் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. திட்டு மறைந்து சீரானதற்கும் அதுவே காரணம்.

அப்படியானால் சேலை ஏன் சாயம் விட்டது? சாயம் போட்ட பிறகு நூலைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். பிடிக்காமல் மேலாக ஒட்டியிருக்கும் சாயம் அதில்தான் கழன்று வரும். விறகும் தண்ணீரும் மிச்சம் என்று அந்த அலசலைக் குறைத்தால், அது உங்கள் வீட்டு மெஷினில் கழன்று வருகிறது. சுங்குடி சாயம் விடாததற்குக் காரணம், அதைச் சாயம் போட்டவர் ஒழுங்காக அலசினார் என்பதுதான், ஐயா. உப்பு அல்ல. வினிகர் பட்டு, கம்பளிச் சாயங்களுக்கு ஓரளவு உதவும். பருத்தியில் ஒன்றும் செய்யாது.

ஏற்காட்டு மழைக்காரி

நாங்கள் ஏற்காட்டில் விருந்தினர் அறைகள் சில நடத்துகிறோம். எங்கள் பிரச்சினை சிவப்பு அல்ல, நீலம். மழைக்காலத்தில் இங்கே துணி காயவே காயாது, பனிமூட்டம் வாசல் வரை வந்து நிற்கும். விருந்தினர் ஒருவர் நனைந்த புது ஜீன்ஸைக் கழற்றி வெள்ளை விரிப்பின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டும் ஈரத்தோடு சுருண்டு கிடந்ததில், ஜீன்ஸின் பை, தையல் எல்லாம் விரிப்பில் அச்சாகப் பதிந்துவிட்டன.

கீழே சேலத்திலிருந்து ஒருவர் சாயத்தைப் போக்கும் ஹைட்ரோஸ் பொடி வாங்கிக் கொடுத்தார். சூடான தண்ணீரில் சோடாவோடு கரைத்து விரிப்பை முக்கினேன். நீலம் கண்ணெதிரே மஞ்சள் பச்சையாக மாறிக் காணாமல் போனது. அப்பாடா என்று தூக்கிப் பிழிந்து கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீலம் மெல்லத் திரும்பி வருகிறது! ஓரத்திலிருந்து உள்நோக்கி, யாரோ உள்ளிருந்து வரைவது போல. என்னோடு இருந்த சமையல்கார அம்மா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். இன்றைக்கு வரை அந்தப் பொட்டலத்தை அவர் தொடுவதில்லை.

கொண்டலாம்பட்டிக்காரன்

பேய் இல்லை, அவுரி நீலம். அதன் குணமே அதுதான். ஹைட்ரோஸில் நிறமிழந்து கரையும், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகும். ஜீன்ஸ் நூலுக்குச் சாயம் போடுவதே இந்த வழியில்தான். நிறம் போனதும் தூக்கிப் பிழியக் கூடாது. கரைந்த நீலம் துணிக்குள்ளேயே இருக்கும்போது காற்றைக் காட்டிவிட்டீர்கள். அதே சூட்டில் இன்னொரு வாளியில் கொஞ்சம் ஹைட்ரோஸும் சோடாவும் போட்ட புதுத் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். முதல் வாளியிலிருந்து நேராக அதற்குள் அமுக்கி, பிறகு நிறையத் தண்ணீரில் உடனே அலசுங்கள். கொஞ்சம் நீலம் மீந்தால் இன்னொரு முறை.

சிவப்பு அப்படி இல்லை. பெரும்பாலான சிவப்புச் சாயங்களை ஹைட்ரோஸ் உடைத்தேவிடும், அவை திரும்பாது. போன பொங்கலுக்கு முன் எதிர்வீட்டுத் தம்பியின் வேட்டிக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். கரையில்லாத வெறும் வெள்ளைப் பருத்தி வேட்டி, சிவப்புத் துண்டோடு நனைந்தது. நல்லவேளை, காயவைக்கவும் இல்லை, இஸ்திரி போடவும் இல்லை. முதலில் தண்ணீர் தெளியும் வரை பச்சைத் தண்ணீரில் அலசினோம். பிறகு சோப்புப் போட்டு, கை தாங்காத சூட்டுத் தண்ணீரில் குச்சியால் கிளறினோம். பாதி அதிலேயே போய்விட்டது. ஹைட்ரோஸுக்கு அவசரப்படுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மிச்சத்துக்கு, பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நல்ல சூட்டுத் தண்ணீர். அதில் சலவைச் சோடா 20 கிராம், அது கரைந்ததும் ஹைட்ரோஸ் 25 கிராம். வேட்டியை முழுவதும் மூழ்கவைத்து மூடிவிட்டேன். அடிக்கடி தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது, காற்றுப் பட்டால் மருந்து வீணாகும். கால் மணி நேரத்தில் ரோஸ் போய் லேசான மஞ்சள் தெரிந்தது. அதற்கு மேல் வைத்துப் பயனில்லை. நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் துளி நீலம் போட்டதும் மஞ்சளும் தெரியவில்லை.

வெளித் திண்ணையில் செய்யுங்கள், அந்த வாடை மூச்சை அடைக்கும். கையுறை போடுங்கள். ப்ளீச்சிங் பவுடரோடும், எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்போடும் சேர்க்கவே கூடாது. பொட்டலத்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறிப் புகையும். எங்கள் பட்டறையில் மழை ஒழுகிய இடத்தில் டப்பா ஒன்று புகைய ஆரம்பித்து, ஆட்கள் வெளியே ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கரை வேட்டியை இதில் போடாதீர்கள், கரையும் சேர்ந்து போகும்.

கணக்கு வாத்தியார், அழகாபுரம்

இவ்வளவு வம்பு எதற்கு? என் சட்டை ஒருமுறை இப்படி ஆனது, ப்ளீச்சிங் பவுடர் போட்டேன், போய்விட்டது. கதை முடிந்தது.

எல்லோருக்கும் என் யோசனைகள். புதுத் துணியை ஒரு மூலையில் நனைத்து, மேலே வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் வந்தால் அந்தத் துணியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். அடுத்து, போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அலசலும் சரியாக வராது. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் வெள்ளைத் துணியைத் துவைப்பது நல்லது. ப்ளீச்சிங் பவுடரைத் துணி மேல் தூவக் கூடாது, கரையாத துகள் உட்கார்ந்த இடம் ஓட்டையாகிவிடும். தனியாகக் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். மெஷினில் கொள்ளளவு முழுவதும் திணிக்கக் கூடாது. துவைத்து முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுங்கள். எங்கள் காலத்தில் கல்லில் அடித்துத் துவைத்தோம், துணி ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது.

அம்மாப்பேட்டைத் தறிவீடு

வாத்தியாரே, ப்ளீச்சிங் பவுடர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் நெய்த வெண்பட்டு வேட்டி, என் தம்பியின் முகூர்த்த வேட்டி. மாலை நனைந்து, அரக்குச் சிவப்புப் பட்டு ரவிக்கையோடு ஒரே பையில் கிடந்ததில் மடிப்பு ஓரம் எல்லாம் சிவப்பு. சலவைக்குக் கொடுத்த இடத்தில் ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். சிவப்பு போனதா என்றால், போனது. வேட்டி பழுத்த மஞ்சளாக வந்தது. அப்பா இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், சத்தமே இல்லாமல் கிழிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தறிக்குழியில் போய் இறங்கிவிட்டார்.

பட்டுக்குக் குளோரின் எமன். பருத்தி தாங்கும், பட்டு கரைந்தேவிடும். கொண்டலாம்பட்டி அண்ணா, பட்டுக்கு உங்கள் ஹைட்ரோஸ் ஆகுமா?

கொண்டலாம்பட்டிக்காரன்

வெறும் பட்டு என்றால் சோடா இல்லாமல், சூட்டைக் குறைத்துச் செய்கிறவர்கள் உண்டு. ஜரிகைக் கரை இருந்தால் நான் தொட மாட்டேன், வெள்ளி ஜரிகை கறுத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் விடாமல் அலசுவதுதான் எனக்குத் தெரிந்த வழி, தங்கச்சி. காய்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரிந்த பட்டுச் சாயக்காரர் யாராவது இங்கே இருந்தால் சொல்லட்டும்.

அஸ்தம்பட்டி அக்கா, உங்கள் காலர் விஷயத்தை மறந்துவிட்டேன். பள்ளிச் சட்டை டெரிகாட்டனாக இருக்கும். அதில் பாலியெஸ்டர் பங்கு இந்தச் சாயத்தை வாங்காது, அதனால் துணி சுலபமாக வெளுத்தது. தைத்த நூல் முழுப் பருத்தியாக இருந்திருக்கும், அது குடித்துவிட்டது. அதற்கு ஆக்சிஜன் பவுடர் இன்னும் சில இரவுகள் போதலாம். இல்லாவிட்டால் ஹைட்ரோஸ்.

அஸ்தம்பட்டி அக்கா

சட்டைப்பையில் பள்ளி முத்திரை நீல நூலில் பின்னியிருக்கிறது. ஹைட்ரோஸில் அது போய்விடாதா?

கொண்டலாம்பட்டிக்காரன்

பாலியெஸ்டர் நூல் என்றால் பெரும்பாலும் நிற்கும், ரேயான் என்றால் சொல்ல முடியாது. முத்திரையின் பின்பக்கத்தில் கரைசலைப் பஞ்சில் தொட்டு வைத்து, ஐந்து நிமிடம் பாருங்கள். பஞ்சில் நீலம் வந்தாலோ, அந்த இடம் வெளிறினாலோ சட்டையை முக்காதீர்கள். காலர் நூலை மட்டும் பிரித்து வெள்ளை நூலால் தைக்கச் சொல்லிவிடுங்கள், அதுவே மலிவு.

கணக்கு வாத்தியார், அழகாபுரம்

என் அம்மாவின் சுங்குடிச் சேலை இன்னும் பெட்டியில் இருக்கிறது. உப்பில் போட்டதுதான். நிறம் மாறவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.