கலைச்சொல்: உறிஞ்சல் நிமோனியாவா, புரையேற்ற நிமோனியாவா?

மொழிபெயர்ப்பாளர், தண்டையார்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களை வீட்டில் கவனிப்போருக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோறோ எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கி வரும் ஆஸ்பிரேஷன் நிமோனியாவுக்குச் சொல் வேண்டும். 'உறிஞ்சல் நுரையீரல் அழற்சி' என்று எழுதினால், சளி எடுக்கும் சக்‌ஷன் மெஷினால் வருவது என்று படிப்பவர்கள் நினைக்கிறார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), பெரம்பூர்:

வீட்டிலேயே சொல் இருக்கிறதே, 'புரையேறுதல்'. உணவு வழிமாறிப் போவதை அதைவிடத் தெளிவாக எது சொல்லும்? இன்னொன்றும் சொல்கிறேன். இந்த நோய் எப்போதும் வலது நுரையீரலின் அடியில்தான் வரும், அந்தப் பக்கக் குழாய் நேராக இருப்பதே காரணம் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் 'வலக்கீழ்ப் புரையழற்சி' என்று வைக்கலாம். இடமும் காரணமும் சொல்லிலேயே வந்துவிடும்.

நுரையீரல் மருத்துவர், ராயபுரம்:

ஐயா சொன்ன காரணம் சரி, 'எப்போதும்' என்பதுதான் சரியில்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை சுமார் 2.5 செ.மீ. நீளம், அகலமானது, நடுக்கோட்டிலிருந்து 25 டிகிரி அளவுக்கே சாய்கிறது. இடக்கிளை ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், ஒடுக்கமானது, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் நுழைந்து போகவேண்டியிருப்பதால் 45 டிகிரி வரை சாய்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கஞ்சி உள்ளே இறங்கினால், வலக்கிளை அதற்கு நேர்ப்பாதை. மேல்மடலுக்குப் போகும் குழாய் சட்டென்று பக்கவாட்டில் திரும்புவதால் அதைத் தாண்டி நேராகக் கீழ்மடலின் அடிப்பகுதிக்குப் போய்விடும்.

ஆனால் மல்லாந்து படுத்திருந்தால் பள்ளம் வேறிடம். கீழ்மடலின் உச்சிப் பகுதிக்குப் போகும் குழாய் முதுகுப் பக்கமாகத் திறக்கிறது. முதலில் அங்கேதான் வழியும். மேல்மடலின் பின்பகுதிக்கும் போகலாம். அதனால் நோயின் பெயரில் இடத்தைப் பூட்டவேண்டாம். பெயரில் வலது என்று இருந்தால், இடதுபக்கம் வெள்ளையாகத் தெரியும் எக்ஸ்ரேயைப் பார்த்து 'இது அதுவல்ல' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வாசகர், காசிமேடு:

டாக்டர், எங்க நைனாவுக்கு இதேதான் சொன்னாங்க. ஆனா எக்ஸ்ரேல இடதுபக்கம் கீழதான் இருந்துச்சு. வலது கை, கால் வராது. இடதுபக்கம் ஒருக்களிச்சுப் படுக்கவச்சு, முதுகுக்குத் தலையணை அணை குடுத்து, ஸ்பூன்ல கஞ்சி குடுத்துட்டிருந்தோம். அப்ப தப்பா சொல்லிட்டாங்களா?

நுரையீரல் மருத்துவர்:

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, தம்பி. இடதுபக்கம் ஒருக்களித்தால் இடது நுரையீரல் கீழே போகிறது. குழாயின் சாய்வைவிடப் புவியீர்ப்புக்கே அங்கே பலம் அதிகம். எனவே இடதுபக்கம் இருப்பது அவர்கள் சொன்னதற்கு முரண் அல்ல. படத்தை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவரிடம் 'எந்தப் பக்கமாகப் படுக்கவைத்து ஊட்டினோம்' என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அது பெரிய தடயம்.

சொல்லுக்கு வருகிறேன். 'அழற்சி' என்று முடிப்பதில் எனக்குத் தயக்கம். இங்கே இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடும் உணவோடும் இறங்கி வளர்வது ஒன்று. காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் ஓரிரு நாளில் மெல்ல வரும். வயிற்று அமிலம் இறங்கி நுரையீரலைச் சுடுவது மற்றொன்று. வாந்தி எடுத்த சில மணி நேரத்திலேயே மூச்சுத்திணறும். 1946இல் மெண்டல்சன், பிரசவத்துக்கு மயக்கமருந்து பெற்ற பெண்களிடம் இந்த இரண்டாவதைத்தான் விவரித்தார். முயல்களின் நுரையீரலில் அமிலத்தைச் செலுத்தி, அமிலம் நீக்கிய திரவம் அந்தச் சேதத்தைச் செய்யவில்லை என்றும் காட்டினார். அமிலச்சூட்டுக்கு முதலில் ஆக்சிஜனும் கவனிப்பும்தான். எடுத்த எடுப்பில் ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவைப்படாது. பின்னால் கிருமி சேர்ந்தால் தேவைப்படும். இரண்டையும் 'நுரையீரல் அழற்சி' என்றே எழுதினால் இந்த வேறுபாடு காணாமல் போகும்.

விழுங்கல் பயிற்சியாளர், வியாசர்பாடி:

'புரையேற்ற நிமோனியா' எனக்குப் பிடித்திருக்கிறது. நிமோனியா என்ற சொல்லை வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஒரு ஆபத்து. புரையேறினால் இருமுவோம், கண் கலங்கும், 'யாரோ நினைக்கிறாங்க' என்று உச்சந்தலையில் தட்டுவோம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வு மங்கினால், உணவு உள்ளே போனாலும் இருமலே வராது. நான் பார்ப்பவர்களில் கவலைதருபவர்கள் அவர்கள்தான். 'அவருக்குப் புரையே ஏறலையே' என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள்.

எனவே கையேட்டில் இருமலை மட்டும் அடையாளமாகச் சொல்லாதீர்கள். ஒரு வாய் விழுங்கியதும் 'ஆ' என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று இருந்தால் ஊட்டுவதை நிறுத்தவேண்டும். ஊட்டும்போது முடிந்தவரை நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, அரை டீஸ்பூன் அளவாக, செயல்படும் கன்னப்பக்கம் வைக்கவேண்டும். குரல்வளை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் அடுத்த வாய். முடிந்ததும் செயலிழந்த கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரமாவது உட்காரவைத்திருக்கவேண்டும். கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணீரும் காபியும்தான் பலருக்குக் கட்டுப்படாமல் ஓடும். ரசம் சாதம் இன்னும் சிக்கல்: சோற்றை மெல்லும்போதே ரசம் தனியாக வழிந்துவிடும். யாருக்கு எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கலைச் சோதித்துத்தான் சொல்லமுடியும்.

தமிழாசிரியர்:

'வலக்கீழ்' வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அமிலத்துக்குப் 'புரையேற்ற அமிலப்புண்' பொருந்துமா? இருமல் வராததை 'ஊமைப் புரை' எனலாம். ஊமைக் காயம் என்று சொல்கிறோமல்லவா, வெளியே தெரியாமல் உள்ளே பட்ட அடி. அதே பொருள்தான்.

நுரையீரல் மருத்துவர்:

ஊமைப் புரை நன்றாக இருக்கிறது. 'அமிலப்புண்' என்றால் வயிற்றுப்புண்ணோடு குழம்பும். 'அமிலச்சூடு' என்றால் சூடுபிடித்தது என்று மோர் கொடுப்பார்களோ என்றும் தோன்றுகிறது. இதை இன்னும் யோசிக்கவேண்டும். கேஸ் ஷீட்டில் எழுத 'உட்புகவு' என்ற பொதுச்சொல் எனக்கு வசதி. கையேட்டுக்கு அது வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:

கையேட்டில் 'புரையேற்ற நிமோனியா', 'ஊமைப் புரை' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். அமிலத்தினால் வருவதை இப்போதைக்கு 'வாந்தி உள்ளே போய் நுரையீரல் வெந்துபோவது' என்று விரித்தே எழுதுகிறேன். மூக்குவழி டியூப் போட்டபின் இந்த நிமோனியா வராது என்று மூலத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படியே விடலாமா?

விழுங்கல் பயிற்சியாளர்:

விடாதீர்கள். டியூப் இருந்தாலும் எச்சில் இறங்கும், வயிற்றிலிருப்பது மேலேறியும் வரும். 'டியூப் வழியாகக் கொடுக்கும்போதும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள், பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்யுங்கள்' என்று மாற்றுங்கள். டியூப் கொஞ்சம் வெளியே நழுவியிருந்தால் எதையும் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடவேண்டும் என்பதையும் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள்.