புதுப்பிப்பு: இரண்டரை மீற்றர் துணி 97 அங்குலம் காட்டினது ஏன்

கேட்டிருந்தது: "வாடிக்கையாளர் அக்கா இரண்டரை மீற்றர் எண்டு தந்த துணி, பழகுற பொடியன் அளக்க 97 அங்குலம்தான் வருது. துணி குறைவோ, அளவு பிழையோ?"

உதவின எல்லாருக்கும் நன்றி. துணி சரி, அளவுநாடாதான் பிழை. இரும்பு அடிமட்டத்தோடை வைச்சுப் பார்க்கச் சொன்ன அண்ணை சொன்னதுதான் நடந்தது. நாடாவில 60 எண்டு இருக்கிற இடம் அடிமட்டத்தில 61க்குக் கிட்ட நிண்டது. இழுபட்ட நாடா எதையும் குறைச்சுத்தான் காட்டும்.

துணி சுருங்கியிருக்கும் எண்டவர் பாதி சரி; பருத்தியை நனைச்சு வெட்டுறது நல்லது, ஆனா இது தண்ணி படாத துணி.

எதிர்பாராதது: இதே நாடாவால ஆளையும் அளந்து துணியையும் வெட்டினபடியால் உடுப்புகள் பொருந்தினது, பிழை வெளியில தெரியேல்லை. வெளியில இருந்து எழுதி வந்த அளவுக்குத் தைச்சால் மட்டும் பெருக்கும்.

புது நாடாவிலும் பொடியனுக்குக் கால் அங்குலம் கூடிக் குறைஞ்சது. மேசை விளிம்பால தொங்கின துணியின்ரை பாரம் இழுத்திருக்கு. முழுக்க மேசையில பரப்பினாப் பிறகு 98க்கு மேல அரைக்குச் சற்றுக் குறைவு. "கிட்டத்தட்ட வேண்டாம் தம்பி, துல்லியமாச் சொல்லு" எண்டா அக்கா; இப்ப கொப்பியில கால் அங்குலத்தையும் எழுதுறான்.

பழைய நாடாவில எழுதின அளவுகளை என்ன செய்யிறது எண்டு இன்னும் முடிவில்லை.